காலை முகூர்த்தத்துக்கு என்ன நிறத்தில் உடுத்துவது? கடலூர், புதுச்சேரி கல்யாணத்துக்கு வருவோருக்கு

திருவந்திபுரத்தில் முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் 7:30 மணிக்குள் என்று பத்திரிகையில் போட்டிருந்தால், விடிவதற்கு முன்பே உடுத்திக் கிளம்ப வேண்டியிருக்கும். புதுச்சேரியில் தங்குபவர்கள் இன்னும் முன்னதாகவே வண்டி ஏற வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. அதனால் துணி விஷயத்தை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியது முதலில் கறுப்பு. துக்கத்துக்கும் திருஷ்டிக்கும் உரிய நிறம் என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. தாலி கட்டும் நேரத்தில் மணவறைப் பக்கம் கறுப்பைப் பார்த்தால் அவர்கள் முகம் சுருங்கும். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது "நீங்க அந்த ஓரமா நில்லுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

முழுக் கறுப்பை யாரும் எடுத்துவர மாட்டார்கள். சிக்கல் கருநீலத்திலும் கரும்பச்சையிலும்தான் வரும். கடையின் பளீர் விளக்கில் நீலமாகத் தெரியும் பட்டு, மண்டபத்தில் கறுப்பாகவே தெரியும். இரு நிற நூலில் நெய்த புடவையில் ஒரு நூல் கறுப்பாக இருந்தால், விரித்துப் பார்க்கும்போது மின்னும், மடித்தால் இருண்டுவிடும். ஆகவே புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் ஐந்தாறு கொசுவம் மடித்து, மடிப்பின் உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே நீலம் தெரியாவிட்டால் அந்தப் புடவை முகூர்த்தத்துக்கு ஆகாது.

அடுத்தது வெள்ளை. பெண்களுக்குக் கரையில்லாத வெள்ளைப் புடவை கைம்மைக் கோலத்தை நினைவூட்டும். இன்று கணவரை இழந்த பலர் வண்ணப் புடவைதான் உடுத்துகிறார்கள் என்றாலும், கல்யாண வீட்டில் இந்த எண்ணம் இன்னும் போகவில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத் தெருக்களில் பெண்கள் வெள்ளையில் நடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஆசிரம வழக்கம். சந்தன நிறமோ இளமஞ்சள் கலந்த வெள்ளையோ பரவாயில்லை, ஆனால் கரை அகலமாகவும் ரவிக்கை சிவப்பிலோ பச்சையிலோ இருக்க வேண்டும். ஆண்களுக்கு இந்தத் தடை இல்லை. வெள்ளைச் சட்டையும் ஜரிகைக் கரை வேட்டியும்தான் அவர்களுக்கு ஆகச் சிறந்த உடை.

அரக்குச் சிவப்பு மங்கலமான நிறம்தான். ஆனாலும் அகல ஜரிகையோடு அதை உடுத்திப் போகாதீர்கள். முகூர்த்தப் புடவை பெரும்பாலும் அரக்கிலோ குங்குமச் சிவப்பிலோ இருக்கும். பெண் வீட்டில் ஒரு போன் போட்டு, "கூறைப் புடவை என்ன கலர் அக்கா?" என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

லண்டனிலிருந்து வரும் ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறந்து பார்ப்போம். அம்மாவிடம் கருநீலப் பட்டும் கறுப்பு ரவிக்கையும், அப்பாவிடம் கறுப்புக் கோட்டு, மகளிடம் கறுப்பு மணி தைத்த கவுன். இவை எதையும் வீணாக்க வேண்டாம். நம் பக்கம் வரவேற்பு பெரும்பாலும் முந்தின நாள் மாலையே நடக்கிறது. கோட்டும் கவுனும் அங்கே உறுத்தாது. கருநீலப் பட்டையும் அங்கேயே உடுத்தலாம், ரவிக்கையை மட்டும் வாடாமல்லி நிறத்துக்கு மாற்றினால் போதும்.

மறுநாள் காலைக்கு அம்மாவுக்குக் கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையும் நல்ல தேர்வு. மாம்பழ மஞ்சள், மாதுளை நிறம், மயில் கழுத்து நிறம் எல்லாமே காலை வெளிச்சத்தில் எடுப்பாக இருக்கும். வெயில் மாதமென்றால் கனத்த பட்டை விட்டுவிட்டுப் பருத்தி கலந்த பட்டாக எடுங்கள். புதுச்சேரியில் நேரு வீதியிலும் கடலூரில் லாரன்ஸ் ரோட்டிலும் தேடலாம். புடவை வாங்கிய கையோடு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கக் கொடுத்துவிடுங்கள். முகூர்த்த நாள் நெருங்கும்போது தையல்காரரிடம் வேலை குவிந்து கிடக்கும். ரவிக்கை தைக்க நேரமில்லாவிட்டால் ஊரிலிருந்தே கச்சிதமான அரக்கு ரவிக்கை ஒன்று எடுத்து வாருங்கள். மேலே சொன்ன பச்சைக்கும் மஞ்சளுக்கும் அது பொருந்தும்.

அப்பாவுக்கு வேட்டி கட்டிப் பழக்கமில்லையென்றால், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடையில் கிடைக்கிறது. மகளுக்கு மஞ்சளில் பாவாடை தாவணி போதும். புதுத்துணியின் ஒரு மூலையில் துளி மஞ்சள் தடவி உடுத்துவது வழக்கம். உள்பக்க மூலையில் தடவினால் கறை வெளியே தெரியாது.

புதுச்சேரியில் தேவாலயக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கறுப்புக் கோட்டு உறுத்தாது. மணப்பெண் வெள்ளையில் வருவதால் பெண் விருந்தினர்கள் முழு வெள்ளையை மட்டும் விட்டுவிட வேண்டும்.