ஏற்காட்டில் வைத்த லாபம் சேலம் இருப்பில் எப்படி ஒளிந்துகொள்கிறது?

ஏற்காட்டில் காபிக்கொட்டையை வறுத்து அரைக்கும் ஒரு கிளை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தூளை விற்கும் இன்னொரு கிளை. இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். ஏற்காட்டில் ஒரு கிலோ தூளின் அடக்க விலை 400 ரூபாய். அதன் மேல் 25 சதவீதம் லாபம் வைத்து, 500 ரூபாய் என்று பில் போட்டுச் சேலத்துக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கிளை எவ்வளவு சம்பாதித்தது என்று தனித்தனியே பார்க்க இது வசதிதான். மார்ச் 31 அன்று இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும்போது வம்பு தொடங்கும்.

கணக்கெழுத வந்த முதல் ஆண்டில் இரு கிளைகளின் லாபத்தையும் அப்படியே கூட்டி முதலாளியிடம் நீட்டினேன். "மூட்டையை மலையிலிருந்து இறக்கினாலே லாபமா தம்பி? இன்னும் விற்கவே இல்லையே" என்றார். நான்கு வரிப் பாடத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஆண்டு ஏற்காட்டிலிருந்து 600 கிலோ போனதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 100 வீதம் ஏற்காடு கிளையின் புத்தகத்தில் 60,000 ரூபாய் லாபம். சேலத்தில் 480 கிலோ, 560 ரூபாய்க்கு விற்றது. கிலோவுக்கு 60 வீதம் அங்கே 28,800 லாபம். இரண்டும் சேர்ந்து 88,800. ஆனால் வெளியாள் வாங்கியது 480 கிலோதான். மீதி 120 கிலோ சேலம் கடை அலமாரியில், பில் விலையில் 60,000 ரூபாய் இருப்பாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஏற்காடு வைத்த லாபமும் இருக்கிறது. நம் வேலை அதை வெளியே எடுப்பது.

முதல் வேலை, இருப்பைப் பிரிப்பது. சேலம் கடை உள்ளூரில் வாங்கிய சிக்கரியும் அதே அலமாரியில் இருக்கும். அதில் ஏற்காட்டின் லாபம் ஏதும் இல்லை, அதைத் தொடக்கூடாது. வேன் வாடகையைச் சேர்த்துச் சேலத்தில் கிலோவை 505 என்று மதிப்பிட்டிருந்தால், அந்த 5 ரூபாயையும் முதலில் தள்ளிவையுங்கள். அது உண்மையாகவே செலவான பணம், லாபம் அல்ல.

அடுத்து லாபத்தைக் கணக்கிடுவது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 25 சதவீதம் என்றதும் 60,000-இல் 25 சதவீதம், 15,000 என்று எழுதிவிடுவார்கள். அந்த 25 அடக்க விலையின் மேல் வைத்தது. 100 ரூபாய் அடக்கம் 125 ரூபாய் பில்லாகிறது. ஆகவே பில் விலையில் லாபத்தின் பங்கு 125-இல் 25, அதாவது ஐந்தில் ஒன்று.

```
60,000 × 25 / 125 = 12,000
```

சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. 60,000-இல் 12,000 போக 48,000. அதை 120 கிலோவால் வகுத்தால் 400. ஏற்காட்டின் அடக்க விலை திரும்பி வந்துவிட்டது. 15,000 கழித்திருந்தால் 375 வந்திருக்கும். அந்த விலைக்கு ஏற்காட்டில் யாரும் தூள் அரைக்கவில்லை.

பிறகு குறிப்பேட்டுப் பதிவு. ஒருங்கிணைந்த இலாப நட்டக் கணக்கைப் பற்று வைத்து, சரக்கிருப்பு ஒதுக்குக் கணக்கை வரவு வையுங்கள், தொகை 12,000. இருப்புநிலைக் குறிப்பில் 60,000 சரக்கிருப்புக்குக் கீழே இந்த ஒதுக்கைக் கழித்து 48,000 என்று காட்ட வேண்டும். லாபம் 88,800-இலிருந்து 76,800-க்கு இறங்கும். விற்ற 480 கிலோவை, 560-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசமான 160-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 76,800. சேலம் கிளையின் சொந்தப் புத்தகத்தில் கை வைக்கவே வேண்டாம். அவர்களுக்குச் சரக்கு 500 ரூபாய்தான்.

மார்ச் 31 மாலை 40 கிலோவோடு ஒரு வேன் கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தால்? ஏற்காடு பில் போட்டு லாபத்தை எழுதியிருக்கும், சேலம் வரவு வைத்திருக்காது. அலமாரியை மட்டும் எண்ணுகிறவர் இதைத் தவறவிடுவார். வழியிலுள்ள சரக்கும் நம் இருப்புதான்; அதற்காக இன்னொரு 4,000 ஒதுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு முதல் வேலையாகப் பழைய பதிவைத் திருப்பிப் போடுங்கள்: சரக்கிருப்பு ஒதுக்கு பற்று, இலாப நட்டக் கணக்கு வரவு, 12,000. அந்த 120 கிலோ இதற்குள் விற்றுப்போய், லாபம் கைக்கு வந்துவிட்டது. ஆண்டு முடிவில் 75 கிலோ மீதி என்றால், 37,500-க்குப் புதிய ஒதுக்கு 7,500. திருப்பிப் போட மறந்தவரின் பேரேட்டில் ஒதுக்கு 19,500 என்று நிற்கும். அதைக் கழித்து வகுத்துப் பார்த்தால், 400 ரூபாய்த் தூள் கிலோ 240-க்கு இறங்கியிருக்கும்.