பதின்வயதுப் பிள்ளை நீண்டதூர ரயிலில் தனியே செல்லும்போது: பயணச்சீட்டு முதல் வயதுச் சான்று வரை

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை ரயிலில் தனியே அனுப்பச் சட்டத்தில் இடமுண்டா என்பதே பெற்றோர் பலரின் முதல் கேள்வி. இந்திய ரயில்வேயில் அதற்குத் தடை இல்லை. பன்னிரண்டு வயது நிரம்பியவரை ரயில்வே முழுக் கட்டணப் பயணியாகவே கருதுகிறது. விமான நிறுவனங்கள் கேட்பதைப் போன்ற, துணையின்றிச் செல்லும் சிறுவருக்கான தனிப் படிவம் எதுவும் இங்கே இல்லை. ஆனால், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எவரும் சட்டத்தின் பார்வையில் குழந்தைதான் என்பதால், ரயில்வே பாதுகாப்புப் படையினர் தனியே காணப்படும் சிறுவரை நிறுத்தி விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே, பயணிக்குரிய அடையாளச் சான்று, குழந்தைக்குரிய வயது மற்றும் பெற்றோர் விவரம் ஆகிய இரண்டுக்கும் பிள்ளையின் பையில் விடை இருக்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பதினைந்து வயது முகிலன், மே மாதத்தில் டில்லியில் உள்ள சித்தப்பா வீட்டுக்குச் செல்கிறான். சென்னை சென்ட்ரல் வரை அப்பா உடன் வருகிறார். அங்கிருந்து இரவு புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தனியே ஏறினால், விஜயவாடா, நாக்பூர், போபால் வழியாக இரண்டு இரவுகள் கழித்து மூன்றாம் நாள் காலை புதுடில்லியில் இறங்குவான்.

முதல் படி: எந்த அடையாள அட்டை என்று முடிவுசெய்தல்

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை முடிவுசெய்துவிட வேண்டும். ஆதார், பாஸ்போர்ட், பான் அட்டை, அங்கீகரிக்கப்பட்ட பள்ளி அல்லது கல்லூரி வழங்கிய படத்துடன் கூடிய அடையாள அட்டை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் படத்துடன் கூடிய பாஸ்புக் ஆகியவை ஏற்கப்படும் சான்றுகளில் சில. பதின்வயதினரிடம் பெரும்பாலும் இருப்பவை ஆதாரும் பள்ளி அட்டையும்தான். இரண்டிலும் சிக்கல்கள் உண்டு.

பள்ளி அட்டையில் கல்வியாண்டு அச்சிடப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்து, பதினொன்றாம் வகுப்பில் சேர்வதற்கு முன் பயணம் செய்யும் முகிலனிடம் இருப்பது காலம் முடிந்த அட்டையாக இருக்கலாம். எனவே அதை மட்டும் நம்பி அனுப்புவது சரியல்ல. ஆதாரில் வருவது படச் சிக்கல். ஐந்து வயதில் எடுத்த படமே இன்னும் இருந்தால், எதிரில் நிற்கும் பதினைந்து வயதுப் பையனோடு அதை ஒப்பிட முடியாது. பதினைந்து வயதில் கைரேகை, கருவிழி, படம் ஆகியவற்றைப் புதுப்பிப்பது கட்டாயம். பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள் செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

அட்டையின் நகலோ, கைப்பேசியில் எடுத்து வைத்த படமோ சான்றாக ஏற்கப்படாது. அசல் அட்டை வேண்டும், அல்லது எம்ஆதார் செயலியிலோ டிஜிலாக்கரிலோ உள்ள ஆதார் வேண்டும். டிஜிலாக்கரில் அரசு நேரடியாக வழங்கிய ஆவணங்களின் பகுதியில் இருப்பதுதான் செல்லும். நாமே படமெடுத்துப் பதிவேற்றியது செல்லாது. இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் ஆதாரில் பெரும்பாலும் தந்தையின் கைப்பேசி எண்தான் இணைக்கப்பட்டிருக்கும். உள்நுழைவதற்கான ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வரும். ஓடும் ரயிலில் சிக்னல் இல்லாத நேரத்தில் இதைச் செய்ய முயன்றால் நடக்காது என்பதால், வீட்டிலேயே செயலியைத் திறந்து, ஆதார் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நான் பரிந்துரைப்பது அசல் அட்டையைத்தான். செயலி அதற்குத் துணையாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: வயதுச் சான்று

அடையாளச் சான்றும் வயதுச் சான்றும் ஒன்றல்ல. ஆதார் அடையாளத்துக்கான சான்றுதான், பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று அதை வழங்கும் ஆணையமே தெளிவுபடுத்தியுள்ளது. மேலும், பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும்.

வயதுச் சான்று கேட்கப்படும் சூழல்கள் இரண்டு. பயணச்சீட்டுப் பரிசோதகர் பார்ப்பது பன்னிரண்டு வயது எல்லையை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் பெர்த் கேட்காவிட்டால்தான் பாதிக் கட்டணம். பெர்த் கேட்டால், 2016 ஏப்ரல் முதல், முழுக் கட்டணம். எனவே, தனக்கென ஒரு பெர்த்தில் செல்லும் பதின்வயதுப் பிள்ளைக்கு வயதைக் குறைத்துச் சொல்வதால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. பயணச்சீட்டில் உள்ள வயதும் அட்டையில் உள்ள வயதும் முரண்பட்டு, வீண் சந்தேகம்தான் எழும்.

மற்றொரு சூழல், பாதுகாப்புப் படையினர் வயதைக் கேட்பது. வயதைத் தீர்மானிக்கும் வரிசையை, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் வகுத்துள்ளது. பள்ளி வழங்கிய பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில் வரும். அவை இல்லாதபோது, மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வழங்கிய பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாத நிலையில்தான் மருத்துவச் சோதனை. முகிலனுக்கு மதிப்பெண் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பதால், பிறப்புச் சான்றிதழின் நகலும், பள்ளியில் பெற்ற பிறந்த தேதிச் சான்றின் நகலும் போதும். வயதுச் சான்றின் அசலைப் பையில் வைத்து அனுப்ப வேண்டியதில்லை. அது அப்பாவிடம் இருந்தால், கேட்கும்போது படமெடுத்து அனுப்பிவிடலாம்.

மூன்றாம் படி: பயணச்சீட்டு

அப்பா தம் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கிலிருந்தே மகனுக்குப் பயணச்சீட்டு எடுக்கலாம். ஆதாரில் உள்ள பெயரையே இட வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயர் வேண்டாம். அண்ணன் பெயரில் எடுத்த சீட்டில் தம்பியை அனுப்புவது பெரிய தவறு. உறுதியான இடம் கிடைத்திருந்தால், ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாக முன்பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, உடன்பிறந்தவர் பெயருக்கு முறைப்படி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒரே பயணச்சீட்டில் பலர் செல்லும்போது ஒருவரிடம் அடையாளச் சான்று இருந்தால் போதும். ஆனால் முகிலன் தன் சீட்டில் தனி ஆள். அவனால் சான்றைக் காட்ட முடியாவிட்டால், இணையவழிச் சீட்டு கையில் இருந்தாலும் சீட்டில்லாப் பயணியாகவே கருதப்படுவான். அப்போது பயணக் கட்டணத்தோடு, குறைந்தது 250 ரூபாய் கூடுதல் கட்டணமும் செலுத்த நேரும்.

பயணிகளின் இறுதிப் பட்டியலான சார்ட் தயாரான பின்னும் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கும் இணையவழிச் சீட்டு தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை முன்பின் தெரியாத ஒருவரோடு பகிர்ந்து உட்கார வேண்டும். இரண்டு இரவுப் பயணத்துக்குப் பிள்ளையை அந்த நிலையில் அனுப்ப வேண்டாம், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குவதால், கோடை விடுமுறைக்கு மார்ச் மாதத்திலேயே முயன்றால் உறுதியான இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். செல்வது பெண் பிள்ளையாக இருந்தால், மகளிர் ஒதுக்கீட்டையும் பாருங்கள். தனியே செல்லும் பெண்ணுக்கு எந்த வயதிலும் அது பொருந்தும்.

பெர்த்தைப் பொறுத்தவரை, பதின்வயதினருக்கு மேல் பெர்த் நல்லது. பகலிலும் ஏறிப் படுக்கலாம், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம் என்ற விதியையும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: பெற்றோர் கடிதம்

ரயில்வே இதைக் கட்டாயமாக்கவில்லை. இருந்தும், இந்தப் பயணத்தில் அடையாள அட்டைக்கு அடுத்தபடியாக உதவும் தாள் இதுதான் என்று நான் கருதுகிறேன். வீட்டை விட்டு ஓடிவந்த, கடத்தப்பட்ட, வழிதவறிய சிறுவர்களை மீட்பதற்காக ரயில்வே பாதுகாப்புப் படை ‘நன்ஹே ஃபரிஷ்தே’ என்ற பெயரில் தொடர்ந்து பணி செய்கிறது. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நடைமேடையில் தனியே நிற்கும் பையனின் மொழி அங்குள்ள காவலருக்குப் புரியாதபோது, அவன் ஓடிவந்தவனா, வீட்டார் அனுப்பி வந்தவனா என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

ரயில் பல மாநிலங்களைக் கடப்பதால் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“என் மகன் முகிலன், பிறந்த தேதி இது, என் முழுச் சம்மதத்துடன் இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள ரயிலில், இந்தப் பெட்டியில், சென்னை சென்ட்ரலிலிருந்து புதுடில்லிக்குத் தனியே பயணம் செய்கிறான். பி.என்.ஆர். எண் இது. புதுடில்லியில் அவனை அழைத்துச் செல்பவர் என் தம்பி; அவருடைய பெயர், முகவரி, கைப்பேசி எண் இவை. எந்த நேரத்திலும் என்னையும் என் மனைவியையும் இந்த இரண்டு எண்களில் அழைக்கலாம்.”

கீழே கையொப்பமிட்டு, தந்தையின் ஆதார் நகலை உடன் இணைக்க வேண்டும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் எண்கள் நினைவில் இருக்காது என்பதால், இந்தத் தாள் பிள்ளைக்கும் பயன்படும்.

ஐந்தாம் படி: ரயிலுக்குள்

பரிசோதகர் வந்ததும் சீட்டையும் அட்டையையும் காட்டிவிட்டு, தனியே வருவதாக அவரிடம் மட்டும் சொல்லலாம். சக பயணிகளிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. உதவி தேவைப்பட்டால் 139 என்ற எண்ணையோ ரயில் மதத் செயலியையோ பயன்படுத்தலாம், அப்போது பி.என்.ஆர்., பெட்டி, பெர்த் எண்களைக் கேட்பார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அவற்றையும் கடிதத்தின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.

இடைநிலையங்களில் உணவு வாங்க இறங்கி, ரயிலைத் தவறவிடுவதுதான் உண்மையான அபாயம். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு இருக்கைக்கே வரும் உணவை ஏற்பாடு செய்தால் இறங்கும் தேவையே எழாது. அப்படியும் ரயில் போய்விட்டால், அடுத்த ரயிலில் தானாக ஏறக் கூடாது. அதே நிலையத்தில் உள்ள நிலைய அதிகாரியிடமோ ரயில்வே பாதுகாப்புப் படை அலுவலகத்திலோ சொல்ல வேண்டும். இதற்காகவே அட்டை, கடிதம், கொஞ்சம் பணம், கைப்பேசி ஆகிய நான்கும் பெரிய பையில் இல்லாமல், உடலோடு இருக்கும் சிறு பையில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: இறங்கும் இடம்

புதுடில்லி நிலையத்துக்குப் பஹார்கஞ்ச் பக்கம், அஜ்மீரி கேட் பக்கம் என இரு வாயில்கள் உண்டு. ‘வெளியே நிற்கிறேன்’ என்று சித்தப்பா சொன்னால், இருவரும் எதிரெதிர்த் திசையில் தேட நேரும். பத்து ரூபாய் நடைமேடைச் சீட்டு எடுத்து, அவர் பெட்டியின் வாசலுக்கே வர வேண்டும். அது இரண்டு மணி நேரம்தான் செல்லும் என்பதால், ரயில் தாமதமா என்பதை 139இல் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. அவர் வந்து பெயர் சொல்லி அழைக்கும்வரை முகிலன் தன் பெட்டிக்கு நேரே நடைமேடையில் நிற்கட்டும். அவருடைய சமீபத்திய படம் ஒன்றும் அவனுடைய கைப்பேசியில் இருக்கட்டும். இருவரும் சந்தித்த உடனே, நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன், அப்பாவுக்கு ஓர் அழைப்பு போக வேண்டும்.