கார்னோ சுற்றை அளவோடு வரைவது எப்படி? (D புள்ளியில் சறுக்கியவனின் குறிப்பு)

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. கார்னோ சுற்றுக்குப் படம் போட்டுக் காட்டினேன்: நாலு வளைவு, நாலு எழுத்து, இரண்டு அம்புக்குறி. அவன் பார்த்துவிட்டு, "மாமா, C-ல பருமன் எத்தனை லிட்டர்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. புத்தகப் படத்திலும் எண் கிடையாது. சரி, உண்மையான எண்களை வைத்தே வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

PV = nRT தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எண்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு மோல் ஹீலியம். சூடான வெப்ப மூலம் 600 கெல்வின், குளிர்ந்த வெப்ப ஏற்பி 300 கெல்வின். ஹீலியம் ஓரணு வாயு என்பதால் γ = 5/3. தொடக்கப் பருமன் 10 லிட்டர், முதல் படியின் முடிவில் 20 லிட்டர். இவ்வளவுதான் நம் விருப்பம். இதற்கு மேல் ஒரு எண்ணைக்கூட நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போனதால்தான் நான் மாட்டினேன், கீழே வருகிறது.

பருமனை லிட்டரிலும் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் நேராக ஜூல் வந்துவிடும். கன மீட்டர், பாஸ்கல் என்று போனால் பத்தின் அடுக்குகளில் தவறு வராமல் இருக்காது.

படி 1: A-யிலிருந்து B வரை, வெப்பநிலை மாறாமல் விரிதல்

வாயு 600 கெல்வினிலேயே இருந்துகொண்டு 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு விரிகிறது. அழுத்தம் 499-இலிருந்து 249 கிலோபாஸ்கலுக்கு இறங்குகிறது. வெப்பநிலை மாறாததால் அக ஆற்றலும் மாறாது. ஆகவே வாயு செய்யும் வேலை அத்தனையும் வெப்ப மூலத்திலிருந்து வாங்கிய வெப்பம்தான்:

W = Q = RT ln(V₂/V₁) = 8.314 × 600 × ln 2 = 3458 ஜூல்

படி 2: B-யிலிருந்து C வரை, வெப்பப் பரிமாற்றம் இல்லாமல் விரிதல்

இப்போது உருளையை வெப்ப மூலத்திலிருந்து எடுத்து, வெப்பம் கடத்தாத மேடையில் வைத்துவிடுகிறோம். வாயு இன்னும் விரிகிறது, ஆனால் வெப்பம் வாங்க வழியில்லை. கையிருப்பான அக ஆற்றலைச் செலவழித்துத்தான் பிஸ்டனைத் தள்ளவேண்டும். அதனால் குளிர்கிறது. 300 கெல்வின் ஆகும்வரை விடுகிறோம். Q = 0; வேலை 1.5 × 8.314 × 300 = 3741 ஜூல்.

C-யின் பருமன் என்ன? இந்த நிகழ்வில் TV^(γ−1) மாறிலி. வெப்பநிலை பாதியாக வேண்டுமானால் பருமன் 2^1.5 = 2.828 மடங்காக வேண்டும். ஆக C-யில் 56.57 லிட்டர், 44 கிலோபாஸ்கல். மருமகன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது.

வரையும்போது B-யில் ஒரு முறிவு தெரியவேண்டும். அந்த இடத்தில் முதல் வளைவின் சரிவு லிட்டருக்கு 12.5 கிலோபாஸ்கல், இரண்டாவதன் சரிவு அதைப்போல γ மடங்கு, அதாவது 20.8. உங்கள் படத்தில் B வழுவழுப்பாக வளைந்து போகிறது என்றால் எங்கோ தவறு.

படி 3: C-யிலிருந்து D வரை. இங்கேதான் சறுக்கினேன்

உருளையை வெப்ப ஏற்பியின் மேல் வைத்து, 300 கெல்வினிலேயே வாயுவை அமுக்குகிறோம். எதுவரை? புத்தகப் படத்தில் D ஏதோ இடது பக்கத்தில் இருக்கும். நானும் "25 லிட்டர், முழு எண்ணாக இருக்கிறது" என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து நாலாவது படியில் வெப்பப் பரிமாற்றம் இல்லாமல் அமுக்கி 600 கெல்வினுக்குக் கொண்டுவந்தேன். வாயு வந்து நின்ற இடம் 8.84 லிட்டர், 564 கிலோபாஸ்கல். தொடங்கிய இடமோ 10 லிட்டர், 499 கிலோபாஸ்கல். சுற்று மூடவே இல்லை. வளைவு A-யைத் தாண்டி மேலே போய் அந்தரத்தில் நின்றது. கணக்கில் தசமப் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, D-தான் தவறு.

காரணம் எளிது. D-யிலிருந்து A-க்குப் போகும் வழியில் வெப்பநிலை இரண்டு மடங்காகிறது. அப்படியானால் பருமன் 2.828-இல் ஒரு பங்காகச் சுருங்கியே தீரும். A 10 லிட்டர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். ஆகவே D 28.28 லிட்டராக மட்டுமே இருக்கமுடியும். B-யிலிருந்து C-க்கும் அதே 2.828 மடங்குதான். எனவே

V_C / V_D = V_B / V_A

மேலே இரண்டு மடங்கு விரித்தால் கீழே இரண்டு மடங்குதான் அமுக்க முடியும். தேர்வுக்கு இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்திருந்தேன். சுற்று மூடுவதற்கான நிபந்தனை இது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பயனுறு திறன் 1 − T₂/T₁ என்று அவ்வளவு சுருக்கமாக வருவதும் இதனால்தான்: இரண்டு மடக்கைகளும் சமம், வகுக்கும்போது அடிபட்டுப் போகின்றன.

வாயுவின் மேல் செய்யப்படும் வேலை 8.314 × 300 × ln 2 = 1729 ஜூல். அதே அளவு வெப்பம் ஏற்பிக்குப் போகிறது.

படி 4: D-யிலிருந்து A வரை

மறுபடி வெப்பம் கடத்தாத மேடை. அமுக்கினால் வாயு சூடாகி 600 கெல்வினுக்குத் திரும்புகிறது. Q = 0, வாயுவின் மேல் செய்யப்படும் வேலை 3741 ஜூல். இரண்டாம் படியில் கிடைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மொத்தத்தில் வாங்கிய வெப்பம் 3458, வெளியே தள்ளியது 1729, நிகர வேலை 1729 ஜூல். பாதிக்குப் பாதி. (ஆமாம், ராமானுஜனின் டாக்ஸி எண். தற்செயல்தான், ஆனால் விடை சரியா என்று நினைவு வைத்துக்கொள்ள இதைவிட வசதி வேறில்லை.)

குறியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வாயு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுத்திருக்கிறேன், இயற்பியல் புத்தக வழக்கம் அது. வேதியியலில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலைக்கு நேர்க்குறி. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதியில் மாற்றாதீர்கள்.

வரைதல்

முதல் முறை வரைதாளில் பென்சிலால் வரையுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஐந்தாறு புள்ளிகள் போதும். சரிவு மாறுவது கைக்குத் தெரியும். அப்புறம் பைத்தான்:

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

R, Th, Tc, g = 8.314, 600, 300, 5/3
VA, VB = 10, 20
k = (Th/Tc)**(1/(g-1))
VC, VD = VB*k, VA*k

def curve(T, a, b, n):
    V = np.linspace(a, b, 200)
    return V, R*T/a * (a/V)**n

for V, P in [curve(Th, VA, VB, 1), curve(Th, VB, VC, g),
             curve(Tc, VC, VD, 1), curve(Tc, VD, VA, g)]:
    plt.plot(V, P)
    print(round(((P[1:]+P[:-1])/2*np.diff(V)).sum()))
plt.show()
```

வளைவின் கீழ் உள்ள பரப்புதான் வேலை. அதைக் கணக்கிட்டு 3458, 3741, -1729, -3741 என்று அச்சிடும். சூத்திரத்தில் வந்த அதே எண்கள். படம் புத்தகத்தில் இருப்பதுபோல் அகலமாக இருக்காது, வாழைப்பழம்போல் ஒல்லியாக இருக்கும். அதுதான் சரி.

விரிதாளில் வரைபவர்கள் XY (Scatter) வகையைத்தான் எடுக்கவேண்டும். Line வகை பருமன்களைச் சம இடைவெளியில் அடுக்கி வளைவின் வடிவத்தையே கெடுத்துவிடும்.

வரலாற்றுத் துணுக்கு ஒன்று: சாடி கார்னோ 1824-இல் இந்தச் சுற்றைச் சொற்களால்தான் விளக்கினார். அழுத்தம்-பருமன் வரைபடத்தில் அதைப் போட்டுக் காட்டியவர் கிளாப்பிரான், 1834-இல். கார்னோவின் நூலில் வெப்பம் அழியாத ஒரு பாய்மம். உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்துவிடும். நம் 3458-க்கும் 1729-க்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்கில் இல்லை.

சேர்க்கை 1: ஒருவர் C-யின் பருமன் 843 லிட்டர் வருகிறது என்று எழுதியிருந்தார். செல்சியஸில் 327, 27 என்று போட்டிருக்கிறார். விகிதம் 2-க்குப் பதில் 12 ஆகிவிட்டது, பயனுறு திறனும் 92 சதவீதம் காட்டியிருக்கும். கெல்வின், கெல்வின், கெல்வின்.

சேர்க்கை 2: இன்னொருவர் காற்றை வைத்து, γ = 7/5 என்று எடுத்துக்கொண்டு, "படம் வேறு மாதிரி வருகிறது, ஆனால் நிகர வேலை அதே 1729, இது எப்படி?" என்று கேட்டார். சரியாகத்தான் செய்திருக்கிறார். காற்றுக்கு 2^2.5 = 5.657 மடங்கு விரிய வேண்டும், C 113 லிட்டருக்குப் போய்விடும். இரண்டாம், நான்காம் படிகளின் வேலை 6236 ஜூலாக உயரும். ஆனால் ஒன்றையொன்று கழித்துவிடும். பயனுறு திறன் அதே 50 சதவீதம்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை இன்னொரு கணக்குக்கு இழுத்துச் சென்றது. உராய்வினால் வாயு தரும் வேலையில் 10 சதவீதம் போகிறது, அமுக்குவதற்கு 10 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஹீலியம் சுற்றில் கிடைப்பது 7199, திருப்பிக் கொடுப்பது 5470. உராய்வுக்குப் பிறகு இவை 6479, 6017 ஆகும். 1729 ஜூலில் மிஞ்சுவது 462. காற்றில் கிடைப்பது 9693, கொடுப்பது 7964. உராய்வுக்குப் பிறகு 8724, 8761. காகிதத்தில் அதே 50 சதவீதம் காட்டிய இயந்திரம், வெளியிலிருந்து யாராவது தள்ளிவிட்டால்தான் சுற்றும்.