ஏஐயிடம் யோசனை கேட்டீர்களா? அதைச் சொல்வதில் நேரும் தவறுகள்

முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஓர் அசைன்மெண்ட் கொடுப்பேன். தங்கள் பகுதியில் நடக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றி ஆயிரம் சொற்களில் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பிள்ளைகளுக்கு எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் தலைப்புத் தேடும் வேலைக்கு இப்போது பலரும் ஏஐயிடம்தான் போகிறார்கள். நான் அதைத் தடுப்பதில்லை. யோசனை கேட்கலாம், கேட்டதை மறைக்கக் கூடாது. இதுதான் வகுப்பின் விதி. இந்த விதி எங்கெங்கே பிசகுகிறது என்பதை ஒரே ஒரு மாணவியின் கட்டுரையை வைத்துச் சொல்கிறேன்.

அந்த மாணவியின் அப்பா காசிமேட்டில் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவள் எடுத்துக்கொண்டது மீன்பிடித் தடைக்காலம். முதல் வரைவின் கடைசியில் "இக்கட்டுரைக்கு சாட்ஜிபிடி உதவியது" என்று ஒரு வரி இருந்தது. உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த வரியை வைத்து எனக்கு எதுவுமே தெரியவில்லை. தலைப்பு கொடுத்ததா, பத்தி எழுதிக் கொடுத்ததா, பிழை திருத்தியதா? மூன்றும் ஒன்றல்ல. முதலாவது நண்பரிடம் பேசிப் பார்ப்பதைப் போன்றது. இரண்டாவதில் எழுதியவரே வேறு ஆளாகிவிடுகிறார்.

இந்த இடத்தில் நாங்கள் ஆசிரியர்கள் செய்யும் தவறு, "மேற்கோள் வடிவத்தில் எழுது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது. எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் முறையில் ஏஐயை ஆசிரியராகக் கருதுவதில்லை. நாம் கேட்ட கேள்வியையே தலைப்பின் இடத்தில் வைத்து, கருவியின் பெயரையும் தேதியையும் தருவார்கள். ஏ.பி.ஏ. என்ற இன்னொரு மேற்கோள் முறையில் கருவியை உருவாக்கிய நிறுவனம் ஆசிரியர் இடத்தில் வரும். கல்லூரி எதைக் கேட்கிறதோ அதைப் பின்பற்றட்டும். ஆனால் நூற்பட்டியலில் வரும் அந்த ஒரு பதிவு, எந்தக் கருவி என்பதைத்தான் சொல்கிறது. அது என்ன செய்தது என்பதைச் சொல்வதில்லை. யோசனை திரட்ட மட்டும் பயன்படுத்தியவர் அதைத் தன் வாக்கியங்களில், தனிக் குறிப்பாக எழுதத்தான் வேண்டும்.

அப்படி எழுதச் சொன்னபோது அவளால் முடியவில்லை. கேட்டது அண்ணனுடைய போனில். அவன் உரையாடலை அழித்துவிட்டான். "திரும்ப அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன் மிஸ், வேற மாதிரி வருது" என்றாள். அப்படித்தான் வரும். புத்தகத்தின் 40ஆம் பக்கம் நாளைக்கும் அதேதான். இதில் ஒரே கேள்விக்கு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஆகவே கேட்ட அன்றைக்கே கேள்வியையும் பதிலையும் முழுதாக நகலெடுத்து, தேதி போட்டு, தன் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நான்கு பேருக்கு ஒரு போன் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த முறை நான் சொல்லத் தவறிவிட்டேன்.

இரண்டாம் முறை வரிசையை மாற்றினோம். கருவியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் தாளில் தன் யோசனைகளை எழுதச் சொன்னேன். நான்கு எழுதினாள்: ஐஸ் கட்டி வியாபாரம் படுத்துவிடுவது, அம்மா கருவாடு வாங்கி விற்பது, விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பது, அப்பாவின் படகுக்குத் தடை இல்லாததால் அந்த மீனுக்கு விலை கூடுவது. பிறகுதான் கருவியிடம் கேட்டாள். மீன் இனப்பெருக்கம், அரசு நிவாரணம், விலையேற்றம், கடன், மாற்றுத் தொழில் என்று பத்து வந்தன. முக்கால்வாசி எந்தக் கடற்கரை ஊருக்கும் பொருந்தும். தன் பட்டியல் முதலில் இருந்ததால், எது தன்னுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று அவளால் கோடு போட முடிந்தது. கருவியை முதலில் கேட்டிருந்தால் அந்தக் கோடு அவளுக்கே தெரிந்திருக்காது. நேர்மையாகச் சொல்ல நினைப்பவர்கூட தவறாகச் சொல்வது இப்படித்தான்.

கடன் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். தடைக்காலத்தில் மீன் விற்கும் பெண்கள் யாரிடம், எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்று சுருக்கினாள். நல்ல தலைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரையோ கடன் தொகையையோ கருவியில் தட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவுபடுத்தினேன்.

அடுத்த தவறுதான் பெரியது. யோசனை கேட்டபோது கூடவே இரண்டு தகவல்களும் வந்திருந்தன: தடைக்காலம் 45 நாள், அப்போது எல்லாப் படகுகளும் கரையில் நிற்கும். இரண்டாவது தவறு என்று அவளுக்கு உடனே தெரிந்தது, அப்பா கடலில் இருக்கிறாரே. முதலாவதை அப்படியே எழுதி, ஆதாரமாகக் கருவியின் பெயரைப் போட்டிருந்தாள். 45 நாள் என்பது பழைய கணக்கு. 2017 முதல் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். கருவியின் பெயரைப் போட்டுவிட்டதால் ஒரு தகவல் ஆதாரமுள்ளதாகிவிடாது. யோசனைக்குக் கருவியைச் சொல்லலாம். தகவலுக்கு மீன்வளத் துறையின் அறிவிப்பைத்தான் காட்ட வேண்டும். கருவி தரும் புத்தகப் பெயர்களும் இப்படியே. சில சமயம் அப்படி ஒரு புத்தகமே இருக்காது. நூலகத்தில் கையில் எடுத்துப் பார்க்காததை நூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது.

கடைசியில் அவள் எழுதிய குறிப்பு இது:

"தலைப்புத் தேட மட்டும் மார்ச் 3 அன்று சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் பற்றி என்னென்ன எழுதலாம் என்று கேட்டேன். வந்த பத்தில் கடன் பற்றியதை எடுத்து, மீன் விற்கும் பெண்களின் கடன் என்று நானே சுருக்கினேன். அதில் வந்த 45 நாள் என்ற தகவல் தவறு. மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்த்துத் திருத்தினேன். வாக்கியங்கள் என்னுடையவை. முழு உரையாடலும் பின்னிணைப்பில் உள்ளது."

இதற்கு மேல் ஓர் ஆசிரியருக்கு என்ன வேண்டும்? ஆனால் இந்தக் குறிப்பைப் பார்த்ததும் "ஏஐ பயன்படுத்தியிருக்கிறாள்" என்று மதிப்பெண் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தவனுக்கு முழு மதிப்பெண், சொன்னவளுக்குக் குறைவு என்றால் அடுத்த முறை வகுப்பில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மறைத்தவர்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்புவதும் சரியல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அப்படியொரு மென்பொருளைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

நான் செய்வது வேறு. கட்டுரையை வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: வந்த யோசனைகளில் எதை வேண்டாம் என்று ஒதுக்கினாய், ஏன்? உண்மையிலேயே தேர்ந்தெடுத்தவருக்குப் பதில் உடனே வரும். "மாற்றுத் தொழில்னு ஒண்ணு வந்துச்சு மிஸ். எங்க தெருவுல ரெண்டு மாசத்துக்குன்னு யாரும் வேற வேலைக்குப் போறதில்ல, வலை பின்றாங்க. அதனால விட்டுட்டேன்" என்றாள். அந்த வரியையும் குறிப்பிலேயே சேர்த்துவிடச் சொன்னேன்.