கறுத்துப்போன தோல் சோபாக் கைப்பிடிக்கு

வெள்ளவத்தை வீட்டில் அப்பா எப்போதும் கை வைக்கும் தோல் சோபாவின் கைப்பிடி கறுத்து, வெடித்துவிட்டது. வறட்சிதானே என்று தேங்காய் எண்ணெய் பூசிவிடாதீர்கள். அந்தக் கறுப்பே தோலுக்குள் ஊறிய உடல் எண்ணெய்தான். முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும்.

சோள மாவைத் தடிப்பாகத் தூவி ஓர் இரவு விடுங்கள். காலையில் மா மஞ்சளித்துக் கட்டிபட்டிருந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி தூவுங்கள். எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. பிறகு, தோலுக்கென விற்கும் துப்புரவு நுரையை மெல்லிய துணியில் தொட்டுத் துடையுங்கள்.

கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு நாளாவது மின்விசிறியின் கீழ் காயவிட்ட பின்பே தோலுக்கான கண்டிஷனரை மெல்லியதாகப் பூசுங்கள். தோல் மிருதுவாகும். வெடிப்பு மட்டும் மூடாது. அதற்கு நிரப்புப் பசையும் சாயமும் தேவை.