பழைய உயர்ரகப் போனா, புதிய மலிவுப் போனா? விளையாடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவர்மலையில் இருக்கும் என் அக்கா மகன், ஜென்ஷின் இம்பாக்ட் விளையாடுவதற்காக இரண்டு போன்களைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று 2021இல் வந்த, ஸ்னாப்டிராகன் 888 சிப் கொண்ட, பாவித்த உயர்ரகப் போன். மற்றது அதே விலைக்குக் கிடைக்கும், ஹீலியோ ஜி99 சிப் கொண்ட புதிய போன். "மாமா, பழசு சூடாகிப் பாதியில இழுக்குமாம், புதுசையே எடுப்பம்" என்றான். அவன் கேள்விப்பட்டது உண்மைதான். அதிலிருந்து அவன் வந்த முடிவுதான் பிழை.

இந்த முடிவுக்குப் பலரைக் கொண்டுசெல்வது ஒரு சதவீதக் கணக்கு. 3DMark செயலியிலுள்ள Wild Life Stress Test, ஒரே காட்சியை ஒரு நிமிடம் வீதம் இருபது தடவை ஓட்டி, மிகக் கூடிய புள்ளியையும் மிகக் குறைந்த புள்ளியையும், இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை Stability என்ற பெயரிலும் காட்டும். 888 சிப் கொண்ட போன் ஒன்று ஏறத்தாழ 5,700 புள்ளியில் தொடங்கி 3,300 வரை இறங்கினால், அதன் Stability 58 சதவீதம். ஜி99 போன் 1,240இல் தொடங்கி 1,230இல் முடித்து 99 சதவீதம் வாங்கிவிடும். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் புதியதே உறுதியானது என்று நினைப்பார். ஆனால் சூடேறித் தளர்ந்த நிலையிலும் பழைய போனின் 3,300, புதியதன் முழு வலுவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே ஒப்பிட வேண்டியது சதவீதத்தை அல்ல, இரண்டினதும் மிகக் குறைந்த புள்ளியை. ஜி99 சூடாகாததற்குக் காரணம், அதன் கிராபிக்ஸ் பகுதி இரண்டே கருக்கள் கொண்ட சிறியது என்பதுதான். பாரம் கூடிய விளையாட்டில் அது சூடேறுவதற்கு முன்பே தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

அடுத்த தவறு, குளிரூட்டிய கடைக்குள் ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டு வாங்குவது. போனின் மேற்பரப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசமே சூட்டை வெளியேற்றுகிறது. மேற்பரப்பு 45 பாகையில் இருக்கும்போது கடைக்குள் 24 பாகை என்றால் வித்தியாசம் 21. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வீடொன்றின் அறையில் 33 பாகை என்றால் வித்தியாசம் 12 தான். கடையில் வெளியேறிய சூட்டில் ஏறத்தாழ அரைவாசி வீட்டில் உள்ளேயே தங்க, சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே உறையைக் கழற்றி, சார்ஜரில் இணைக்காமல், வீட்டுச் சூட்டிலேயே அந்த இருபது நிமிடச் சோதனையை ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் நான் அந்தப் போனை விட்டுவிடுவேன்.

பழைய போனை உண்மையில் தோற்கடிப்பது சிப் அல்ல, பற்றரி. வயதான பற்றரியின் உட்தடை கூடியிருக்கும். விளையாட்டு திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் போன் அப்படியே அணைந்துவிடும். முழுச் சார்ஜில் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 40 சதவீதத்தில் தொடங்கி, திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, 15 வரை விளையாடிப் பாருங்கள். எண்ணிக்கை ஐந்தும் பத்துமாகத் தாவினாலும், பின்மூடி சற்றே உயர்ந்திருந்தாலும் பற்றரி முடிந்துவிட்டது. ஐபோனில் Battery Health பகுதியைத் திறந்தால், திடீரென அணைந்த காரணத்தால் வேகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளதா என்பதை அதுவே எழுதிக் காட்டும். பற்றரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்த பிறகுதான் ஒப்பீடு நேர்மையாகும்.

சிப்பின் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நம்புவதும் ஏமாற்றும். ஸ்னாப்டிராகன் 870, உச்ச வலுவில் 888ஐவிடக் குறைவு. ஆனால் குறைவாகச் சூடேறுவதால், அரை மணி விளையாடிய பின் 888ஐச் சமன் செய்யவோ முந்தவோ கூடும். அதேபோல் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சூட்டுக்குப் பேர்போனது. வேறு ஆலையில் தயாரான 8 பிளஸ் ஜென் 1, பெயரில் ஒரு குறிதான் வித்தியாசம் என்றாலும், மிகவும் நிதானமானது. நாங்கள் இறுதியில் 870 உள்ள ஒன்றையே தேடினோம்.

புதிய போனின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் "8+8 ஜிபி" என்பதில் பின்னைய எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது; அது கிராபிக்ஸுக்கு உதவாது. 120 ஹேர்ட்ஸ் திரையும் அப்படித்தான்: சிப் ஒரு செக்கனுக்கு 30 சட்டகம் வரைந்தால் திரையிலும் 30 தான். ஃப்ரீ ஃபயர் போன்ற இலேசான விளையாட்டு மட்டும் போதும் என்பவருக்கு, உத்தரவாதத்தோடு வரும் புதிய போனையே நான் சொல்வேன். பாவித்ததை வாங்குபவர் காசு கொடுக்க முன்னர் *#06# அழுத்தி எடுக்கும் இலக்கத்தை, IMEI என்ற சொல்லுக்கும் ஓர் இடைவெளிக்கும் பின் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.