டைல் வரைபடத்தில் ஆறு உடைவது ஏன்? வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கேம் செய்யத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் தங்கள் நிரல்களை எனக்கு அனுப்புவார்கள். தேயிலை மலை, லயம், ரோடு, ஆறு என்று நம்ம ஊரையே டைலாக வரைந்து, வரைபடத்தைக் கணினியே உருவாக்கட்டும் என்று விடுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, மாக்சிம் குமின் 2016இல் வெளியிட்ட வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், குவாண்டம் இயற்பியல் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த டைலும் வரலாம். வாய்ப்பு மிகக் குறைந்திருக்கும் கட்டத்தைத் தேர்ந்து, அதில் ஒரு டைலை உறுதிசெய்கிறோம். அது பக்கத்துக் கட்டங்களில் பொருந்தாத டைல்களை நீக்கும், அந்த நீக்கம் அடுத்த கட்டங்களுக்கும் பரவும். இனி நீக்க எதுவும் இல்லை என்று ஆனதும் அடுத்த கட்டத்தைத் தேர்வோம். ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு டைலும் மிஞ்சாவிட்டால் அது முரண்பாடு.

எழுத்துப்பிழை, வரிசை எண் பிழை எல்லாம் நிரல் ஓடும்போதே தெரிந்துவிடும், அவற்றை விடுவோம்.

## விளிம்பை எந்தத் திசையில் வாசிக்கிறீர்கள்?

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

எந்த டைலுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதைக் கையால் பட்டியல் போடுவது களைப்பான வேலை. அதனால் பலரும் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு குறியீடு கொடுத்து, பொருந்தும் விளிம்புகளை நிரலே கண்டுபிடிக்க விடுவார்கள். நல்ல வழிதான். விளிம்பை மூன்று துண்டாகப் பிரித்து, தேயிலைக்கு `t`, ரோட்டுக்கு `r`, தண்ணீருக்கு `w` என்று வைத்துக்கொள்வோம். டைலைச் சுழற்ற வசதியாக இருக்கும் என்பதால் நான்கு விளிம்புகளையும் கடிகாரச் சுற்றில் வாசிப்பது வழக்கம். மேல் விளிம்பை இடமிருந்து வலம், வலது விளிம்பை மேலிருந்து கீழ், கீழ் விளிம்பை வலமிருந்து இடம், இடது விளிம்பைக் கீழிருந்து மேல்.

இப்போது ஓர் ஆற்றங்கரை டைல். மேலே இரண்டு பங்கு தேயிலை, கீழே ஒரு பங்கு தண்ணீர்.

```
bank = ["ttt", "ttw", "www", "wtt"]  # N E S W
```

இதே டைலை வலப்பக்கம் இன்னொன்று வைத்தால் கரை நேராகத் தொடர வேண்டும். ஆனால் குறியீட்டைப் பாருங்கள். இடப்பக்கத்து டைலின் வலது விளிம்பு `ttw`, வலப்பக்கத்து டைலின் இடது விளிம்பு `wtt`. ஒரே கோட்டை ஒரு டைல் மேலிருந்து வாசிக்கிறது, மற்றது கீழிருந்து வாசிக்கிறது. ஆகவே ஒன்றைத் திருப்பிப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

```python
def fits(a, b):
    return a == b[::-1]
```

பிள்ளைகள் எழுதுவது `a == b`. அந்த ஒரு வரிதான் பிழை.

இது ஏன் உடனே பிடிபடுவதில்லை? எல்லாரும் ரோட்டில்தான் தொடங்குகிறார்கள். ரோட்டு விளிம்பு `trt`, திருப்பினாலும் `trt`. வெறும் தேயிலை `ttt`, அதுவும் அப்படியே. சந்தியும் வளைவும் அழகாக வரும். பிறகுதான் ஆறு வருகிறது. அப்போது பிழை இருப்பது ஆற்று டைலில்தான் என்று தோன்றிவிடும்.

தலவாக்கலைத் தம்பி ஒருவர் கரை டைல்களைக் கிழமைக்கணக்கில் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். "சேர், கலர் பொருந்தவில்லை போல" என்றார். கலரில் ஒரு குறையும் இல்லை. வேறொரு பிள்ளை இதற்காகப் பின்வாங்கித் தேடும் பகுதியையே எழுதிச் சேர்த்திருந்தார். பின்வாங்கல் முரண்பாட்டுக்கு மருந்து, இங்கே முரண்பாடே வரவில்லை. விதி தவறாக இருந்தால் நிரல் அந்தத் தவறான விதிக்குச் சரியாகக் கட்டுப்பட்டு, ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடியும்.

இன்னொரு பொறியும் உண்டு. 'அ'வின் வலப்பக்கம் 'ஆ' வரலாம் என்றால் 'ஆ'வின் இடப்பக்கம் 'அ' வரலாமா என்று விதிப் பட்டியலைச் சோதிக்கச் சொல்வார்கள். கையால் எழுதிய பட்டியலுக்கு அந்தச் சோதனை அவசியம். ஆனால் `a == b` அதில் தேறிவிடும், ஏனென்றால் இரு பக்கமிருந்தும் ஒரே தவறைத்தான் செய்கிறது.

இதைப் பிடிக்க 6 டைல்கள் போதும்: முழுத் தேயிலை ஒன்று, முழுத் தண்ணீர் ஒன்று, கரை டைலின் நான்கு சுழற்சிகள். வளைவு டைல் எதையும் சேர்க்காதீர்கள். ஒரு கட்டத்தில் கரை டைலை நீங்களே வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

விதி சரியாக இருந்தால் `ttw`வுக்கு வலப்பக்கம் பொருந்துவது அதே திசையில் இருக்கும் கரை டைல் மட்டுமே. அந்த வரிசை முழுவதும் ஒரே கரையாக ஓடும், வரைபடம் நேர்ப்பட்டைகளாக வரும். அழகில்லைதான், ஆனால் அதுதான் சரியான விடை.

விதி தவறாக இருந்தால் `ttw`வுக்குப் பொருந்துவது தலைகீழாகத் திரும்பிய கரை டைல், அதன் இடது விளிம்புதான் `ttw`. அதற்கு வலப்பக்கம் மறுபடி நேரான டைல். மேல் வரிசையில் என்ன வரலாம்? நேரான டைலின் மேல் தேயிலை வரலாம் என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் தலைகீழ் டைலின் மேல் தண்ணீர் விளிம்பு வேண்டும், முழுத் தேயிலைக்குப் பக்கத்தில் அதைத் தரக்கூடிய டைல் எதுவும் நிற்காது. ஆக நேரானதின் மேல் தலைகீழ், தலைகீழின் மேல் நேரானது. கீழ்ப்பக்கமும் இதே கதை. வரைபடம் முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி மாறிமாறி வந்து நிற்கும். அதைக் கண்டால் டைலை வரைய உட்காராதீர்கள், `fits`ஐத் திறந்து பாருங்கள்.

உங்கள் முழு டைல் தொகுப்புக்கு இன்னொரு வேலையும் செய்யலாம். விதி அனுமதிக்கும் ஒவ்வொரு சோடியையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக அச்சிடுங்கள். உடைந்த கரை அதில் கண்ணில் குத்தும். சோடி அதிகமாக இருந்தால் விளிம்பு சமச்சீராக இல்லாதவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

## பரவலைப் பக்கத்துக் கட்டத்தோடு நிறுத்துவது

கூடாது. மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையில் போட்டு, வரிசை காலியாகும்வரை ஓட்டுங்கள்.

## முரண்பட்ட கட்டத்தில் தேயிலையைப் போட்டு மறைப்பது

செய்யாதீர்கள். விதியில் இருக்கும் பிழை அதற்கடியில் ஒளிந்துகொள்ளும்.

## பெரிய வரைபடத்தை ஒரே மூச்சில் எடுப்பது

முரண்பாடு வந்தால் முதலிலிருந்து ஓட்டு என்பது சின்ன வரைபடத்துக்குச் சரி. 10×10 வரைபடம் பத்துக்கு ஒன்பது முறை வெற்றிபெறுகிறது என்று வையுங்கள். 100×100 என்பது அப்படி நூறு துண்டு. துண்டுகள் ஒன்றையொன்று பாதிக்காது என்று தோராயமாக எடுத்தாலும் 0.9இன் நூறாம் அடுக்கு, அதாவது சுமார் 38,000 முறைக்கு ஒரு முறைதான் முடியும். ஓட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர் இரவுச் சாப்பாடும் முடித்துவிடலாம். கொலாப்ஸுக்கு முன்னோடியான மாடல் சிந்தெசிஸ் என்ற முறையைப் பால் மெரல் 2007இல் வெளியிட்டார். அதில் முதலில் ஒரு சரியான வரைபடம், உதாரணமாக முழுத் தேயிலை, இருக்கும். பிறகு சின்னத் துண்டாக அழித்து மறுபடி நிரப்புவார்கள். ஒரு துண்டு தோற்றால் அந்தத் துண்டின் பழைய நிலைக்குத் திரும்பினால் போதும்.

## ரயில் பாதை தானாக ஊர் சேரும் என்று நம்புவது

அண்டை விதி பக்கத்துக் கட்டத்தை மட்டுமே பார்க்கும். தண்டவாளம் எங்கும் அறுபடாமல் இருக்கும், ஆனால் பண்டாரவளையில் புறப்பட்டது பதுளைக்குப் போகாமல் தனக்குள்ளேயே வட்டமடிக்கலாம். விதிப்படி அதில் தவறே இல்லை. பாதையை முதலில் வேறு வழியில் போட்டு அந்தக் கட்டங்களை உறுதிசெய்துவிட்டு, மிச்சத்தைக் கொலாப்ஸுக்கு விடுங்கள். தெமோதரை வளைவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அங்கே பாதை சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகிறது. ஒரே கட்டத்தில் இரண்டு உயரம். அதற்கு மேல், கீழ் என்று ஆறு பக்கம் உள்ள டைலும் முப்பரிமாணக் கட்டமும் வேண்டும்.